ஹார்ட்வேர் எக்ஸ்போர்ட்: 4 நிமிடத்தில் முடிகிறது, ஆனால் கோப்பு ஏன் இரண்டு மடங்கு?

மணல்வீடு
12 நிமிட வீடியோ, 1080p, நொடிக்கு 25 ஃபிரேம். ஒருவர் உட்கார்ந்து பேசுகிறார், நடுநடுவே கடல் காட்சிகள். சிபியுவில் ஓடும் x264 என்கோடரில் தர எண் crf 20 வைத்தால் 26 நிமிடம் ஆகிறது, 540 எம்பி. கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கும் NVENC-ல் அதேபோல் cq 20 வைத்தால் 4 நிமிடம்தான், ஆனால் 1080 எம்பி. அதையே 6 எம்பிபிஎஸ்-க்கு இறக்கினால் அளவு சரியாகிவிடுகிறது, ஆனால் அலை வரும் இடமெல்லாம் கட்டம் கட்டமாக உடைகிறது. கார்டில் பழுதா, நான் ஏதாவது தப்பாக வைத்திருக்கிறேனா?

சுழல்விசிறி
பழுதெல்லாம் இல்லை. ஜிபியு விளையாட்டுக்காகச் செய்தது. ஆயிரக்கணக்கான கோர்கள் சேர்ந்து வேகமாக, ஆனால் தோராயமாகக் கணக்குப் போடும். சிபியு நிதானமாக, துல்லியமாகப் போடும். தரம் வேண்டுமா, சிபியு. அவ்வளவுதான், முடிந்தது.

பிட்கணக்கு
முடியவில்லை. உங்கள் முடிவு பாதி சரி, காரணம் முழுக்கத் தப்பு. அந்த ஆயிரக்கணக்கான கோர்களுக்கு இதில் பெரிய வேலையே கிடையாது. NVENC என்பது அதே சிப்பில் ஒரு ஓரமாக இருக்கும் தனிச் சுற்று, வீடியோவைச் சுருக்குவதைத் தவிர அதற்கு வேறெதுவும் தெரியாது. எக்ஸ்போர்ட் ஓடும்போது விண்டோஸில் Task Manager திறந்து GPU பக்கத்தைப் பாருங்கள், 3D என்று ஒரு வரைபடம், Video Encode என்று இன்னொன்று இருக்கும். எஃபெக்ட் எதுவும் இல்லாத டைம்லைன் என்றால் இரண்டாவது மட்டும் எகிறும், முதலாவது கிட்டத்தட்டத் தூங்கும்.

கணக்கிலும் பிழை இல்லை. அது குறைவான வழிகளைத்தான் பார்க்கிறது, வித்தியாசம் அங்கேதான். 1080p ஃபிரேம் ஒன்றில் 16க்கு 16 பிக்சல் கட்டங்கள் 8160 இருக்கின்றன. 12 நிமிடத்தை 4 நிமிடத்தில் முடிக்க நொடிக்கு 75 ஃபிரேம், அதாவது 6 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள். அலை நுரை இருக்கும் ஒரே ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை முழுசாக வைப்பதா, நாலாக வெட்டுவதா, முந்தைய எந்த ஃபிரேமிலிருந்து எவ்வளவு நகர்ந்து வந்திருக்கிறது, இல்லை புதிதாகவே வரைந்துவிடலாமா என்று பல வழிகள். x264 இதில் தேறக்கூடிய வழிகளை எடுத்து, இப்படிச் செய்தால் எத்தனை பிட் போகும், எவ்வளவு பிழை மிஞ்சும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். நேரம் போனால் போகட்டும், அதற்குக் கவலை இல்லை. ஹார்ட்வேருக்கு அந்தச் சலுகை கிடையாது. கட்டங்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும், ஒவ்வொன்றுக்கும் இத்தனை கடிகாரத் துடிப்புதான், அதற்குள் ஒரு சுமாரான வழி அகப்பட்டால் அதை எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடும்.

சுமாரான வழி என்றால் மிச்சப் பிழை கூடுதல். அந்தப் பிழையையும் சேர்த்து எழுதினால் கோப்பு பெருக்கும். எழுதாமல் விட்டால் படம் உடையும். நீங்கள் இரண்டையும் தனித்தனிக் கோளாறாகப் பார்க்கிறீர்கள், உண்மையில் ஒரே பற்றாக்குறைதான். cq-ஐப் பிடித்தபோது அது 1080 எம்பி-யாகத் தெரிந்தது, பிட்ரேட்டைப் பிடித்தபோது அலையில் கட்டமாகத் தெரிந்தது.

கோடைமழை
எனக்கும் இதே தொல்லை. புராஜெக்ட் செட்டிங்கில் ஜிபியு ரெண்டரிங்கை அணைத்துவிட்டு சாஃப்ட்வேர் மட்டும் என்று வைத்துப் பாருங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், கலர் எல்லாம் நன்றாக வருகிறது.

பிட்கணக்கு
அது வேறு ஸ்விட்ச். நீங்கள் அணைத்தது கலர், பிளர் போன்ற எஃபெக்ட்டுகளைக் கணக்கிடும் இடம். அங்கே ஜிபியு கோர்கள் நிஜமாகவே உழைக்கின்றன, அதனால் கோப்பு பெருப்பதோ அலை உடைவதோ கிடையாது. அதை அணைத்தால் எக்ஸ்போர்ட் மெதுவாகும், அவ்வளவுதான் பலன். இவர் கேட்பது கடைசியில் எக்ஸ்போர்ட் பெட்டியில் வரும் என்கோடர் தேர்வைப் பற்றி. எஃபெக்ட்டுக்கு ஜிபியு, என்கோடிங்குக்கு x264 என்று தாராளமாகக் கலந்து வைக்கலாம்.

கோடைமழை
அட, இரண்டும் ஒன்று என்றே இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போ இவ்வளவு காலம் சும்மா காத்திருந்தேனா?

ராத்திரிப்பட்டறை
நீங்கள் எல்லோரும் ஒரு கட்டத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறீர்கள், என் கதை வேறு. கருத்தரங்கு பதிவு, 4 மணி நேரம், முடிந்த ராத்திரியே கொடுக்க வேண்டும். ஒருமுறை நல்ல பிள்ளையாக x264-ல் slow வைத்துவிட்டுப் படுத்தேன், விடிந்து பார்த்தால் 61 சதவீதத்தில் நிற்கிறது, கேட்டவர் வாசலில் நிற்கிறார். அதன் பிறகு ஹார்ட்வேர்தான். கோப்பு இரண்டு மடங்கு ஆனால் ஆகட்டும், வட்டில் இடம் இருக்கிறது. எப்படியும் அவர்கள் ஏற்றும் தளம் அதை மறுபடி சுருக்கத்தானே போகிறது.

பிட்கணக்கு
அந்த வேலைக்கு நீங்கள் செய்வதுதான் சரி, இதில் எனக்குச் சண்டையே இல்லை. மறுபடி சுருக்கப்படப்போகிற கோப்புக்குப் பிட்ரேட்டை அள்ளிக் கொடுங்கள். 1080p-க்கு 25, 30 எம்பிபிஎஸ் கொடுத்துவிட்டால் ஹார்ட்வேர் சுமாரான வழியை எடுத்தாலும் மிச்சப் பிழையை எழுத இடம் இருக்கும், இரண்டையும் பக்கத்தில் வைத்தால் உங்களுக்கே எது எது என்று தெரியாது. பிட் இறுக இறுகத்தான் சாயம் வெளுக்கும். மணல்வீடு கேட்பது 6 எம்பிபிஎஸ்-ல், அதுவும் கடல் அலையில். அதைவிடக் கஷ்டமான பரீட்சை அதற்கு வைக்க முடியாது.

சுழல்விசிறி
சரி, கோர் விஷயத்தில் நான் சொன்னது தப்பு. ஆனால் நீங்கள் பழைய கதை பேசுகிறீர்கள். 2018-ல் வந்த டூரிங் தலைமுறையிலிருந்து NVENC எங்கேயோ போய்விட்டது. நேரலை செய்பவர்கள் யாராவது இப்போது x264 பக்கம் போகிறார்களா?

பிட்கணக்கு
நேரலையில் x264-க்கும் அதே கடிகாரம்தான். அங்கே அது veryfast-ல் ஓடித் தன் தந்திரங்களில் பாதியைக் கைவிட்டுவிடுகிறது, அப்போது நல்ல ஹார்ட்வேர் அதோடு சரிக்குச் சமம் நிற்கும், சில இடங்களில் முந்தவும் செய்யும். ஆனால் எக்ஸ்போர்ட் நேரலை இல்லையே, இங்கே காத்திருக்கலாம்.

இன்னொன்று, மணல்வீடு வீடியோவில் ஒருவர் உட்கார்ந்து பேசுகிறார். பின்னால் இருக்கும் சுவர் அசையாது. x264 medium 40 ஃபிரேம் முன்னால் எட்டிப் பார்த்து, இந்தச் சுவர்க் கட்டத்தை அடுத்து வரும் ஃபிரேம்கள் எல்லாம் கடன் வாங்கப்போகின்றன என்று கண்டுகொண்டு, முதலிலேயே அங்கே பிட்டைக் கொட்டி நன்றாக வரைந்துவிடும். அப்புறம் ஒன்றரை நொடிக்கு அந்தச் சுவர் கிட்டத்தட்ட இலவசம். NVENC-க்கும் முன்னால் பார்க்கத் தெரியும், ஆனால் ffmpeg-ல் நாமாகக் கேட்டால்தான் பார்க்கும். பல எடிட்டிங் மென்பொருள்களில் அந்தத் தேர்வு கண்ணிலேயே படாது.

மணல்வீடு, முதலில் 20க்கு 20 என்று ஒப்பிடுவதை விடுங்கள். crf 20-ம் cq 20-ம் இரண்டு கம்பெனிச் செருப்பின் 8-ம் நம்பர் மாதிரி, எண் ஒன்று, அளவு வேறு. மாஸ்டர் கோப்பிலிருந்து இதைப் போட்டுப் பாருங்கள்:

```
ffmpeg -i master.mov -c:v h264_nvenc -preset p6 -rc vbr -cq 26 -b:v 0 -bf 3 -b_ref_mode middle -rc-lookahead 32 -spatial-aq 1 -temporal-aq 1 -pix_fmt yuv420p -c:a aac hw.mp4
```

கோப்பு 540 எம்பி பக்கம் வரும்வரை cq-ஐ ஒன்று ஒன்றாக மாற்றுங்கள். அளவு ஒத்துப்போன பிறகுதான் தரத்தைப் பேச முடியும். அப்புறம் இரண்டையும் மாஸ்டரோடு இப்படி ஒப்பிடுங்கள், படம் மாஸ்டரோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று SSIM ஒரு எண் தரும்:

```
ffmpeg -i hw.mp4 -i master.mov -lavfi ssim -f null -
```

மணல்வீடு
போட்டுவிட்டேன். cq 26-ல் 610 எம்பி, 27-ல் 548. நேரம் 4 நிமிடத்திலிருந்து 5 ஆனது, பரவாயில்லை. பேசும் பகுதியில் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அலையில் முன்பு போலக் கட்டம் இல்லை, ஆனால் நுரை கொஞ்சம் குழைந்து போயிருக்கிறது. இன்னொரு இடம், அவருடைய தோளுக்குப் பின்னால் சுவர் இருட்டாகும் மூலையில் பட்டை பட்டையாகப் படிக்கட்டு தெரிகிறது, அதுவும் காட்சி மாறியதும் வரும் முதல் சில ஃபிரேம்களில்தான் மோசம். x264 கோப்பில் அங்கே மெல்லிய மணல் போல இருக்கிறது. ஆனால் SSIM எண்ணில் இரண்டும் மயிரிழைதான் வித்தியாசம், அதுவும் ஹார்ட்வேர்தான் மேலே!

சுழல்விசிறி
பார்த்தீர்களா! எண்ணே சொல்லிவிட்டது.

பிட்கணக்கு
எண் சொல்வதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். x264 இயல்பாகவே கண்ணுக்காக ஏமாற்றும். நுரையை மழுப்பினால் SSIM நன்றாக வரும் என்று அதற்குத் தெரியும், இருந்தாலும் நுரை நுரையாகத் தெரியட்டும் என்று கொஞ்சம் தப்பான புள்ளிகளையே விட்டுவைக்கும். நீங்கள் சொன்ன மணல் அதுதான். -tune ssim போட்டு எடுத்தால் எண் ஏறும், படம் குழையும்.

சுழல்விசிறி
அதாவது எண்ணில் தோற்றாலும் x264 ஜெயிக்கும், எண்ணில் ஜெயித்தாலும் x264 ஜெயிக்கும். நல்ல நியாயம்.

பிட்கணக்கு
நியாயமான குத்தல்தான், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் கோப்புப் பெயரை மறைத்துவிட்டு, இருட்டு மூலையையும் அலையையும் வேறு ஒருவரிடம் காட்டிக் கேட்கச் சொல்வேன். நான் பார்த்தால் நான் நினைத்ததுதான் எனக்குத் தெரியும்.

ராத்திரிப்பட்டறை
மணல்வீடு, இதை யார் பார்க்கப்போகிறார்கள்? போனிலா, பெரிய திரையிலா? போன் என்றால் அந்த மூலையை ஆண்டவனே வந்தாலும் பார்க்க மாட்டார்.

மணல்வீடு
தளத்தில் ஏற்ற ஒன்று, எனக்கே பத்திரமாக வைத்துக்கொள்ள ஒன்று. ஏற்றுவதை ஹார்ட்வேரில் 25 எம்பிபிஎஸ் வைத்து எடுத்துவிட்டேன். வைத்துக்கொள்வதற்கு x264-ஐ slow-வில் ஓடவிட்டிருக்கிறேன், இப்போது 38 சதவீதம். கோப்புப் பெயரை மறைத்து வீட்டில் இருவரிடம் காட்டினேன். ஒருவர் x264 என்றார், இன்னொருவர் இரண்டும் ஒரே படம்தானே, எதற்கு இரண்டு தடவை போடுகிறாய் என்று எழுந்து போய்விட்டார்.