'சின்டாக்ஸ் ஹைலைட்டிங்': மிளிர்ப்பு வேண்டாம் என்றால் வேறென்ன?

கயல்விழி:

வணக்கம். நிரல் எழுதும் விஎஸ் கோடு எடிட்டருக்கு ஒரு நிறத் தோற்றம் செய்துகொண்டிருக்கிறேன். நாளெல்லாம் திரையைப் பார்ப்பவர்களுக்குக் கண் வலிக்கக்கூடாது, அவ்வளவுதான் நோக்கம். விளக்கக்குறிப்பைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். நிரலின் சொற்களை வகைக்கு ஒரு நிறமாகக் காட்டும் சின்டாக்ஸ் ஹைலைட்டிங் என்பதற்கு 'தொடரியல் மிளிர்ப்பு' என்று எழுதினேன். பிடிக்கவில்லை. நான் செய்வதே மிளிராமல் இருக்கத்தானே! வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.

ராமநாதன்:

அன்புள்ள கயல், மிளிர்ப்பில் என்ன குறை? தொடரியல் என்பதும் சரியான பெயர்தான். நிரலை இலக்கணப்படி பிரித்து நிறம் தருகிறார்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி விகிதத்தை எல்லாச் சொல்லுக்கும் 7-க்கு மேல் வைத்துவிட்டால் கண் வலிக்கும் பேச்சே வராது. வலை அணுகல்தன்மை வழிகாட்டியின் உயர்ந்த படி அதுதான்.

செந்தில்:

ஐயா சொன்னதில் பாதியை ஏற்கிறேன். 7 என்ற எண் சரி, அது கீழ் எல்லை. ஆனால் எல்லாவற்றையும் மேலே தூக்கினால் எதுவும் தனித்துத் தெரியாது, பக்கம் முழுக்கக் கத்தும்.

இலக்கணப்படி பிரிக்கிறது என்பதில்தான் சிக்கல். விஎஸ் கோடின் முதல் அடுக்கு டெக்ஸ்ட்மேட் விதிகள். வரிவரியாகப் போய், எழுத்துகளின் வடிவத்தைப் பார்த்து, இது மேற்கோளுக்குள் இருக்கிறது, இது திறவுச்சொல் என்று பெயர் ஒட்டும். அதற்கு இலக்கணம் தெரியாது. ஒரு பெரிய கோப்பைத் திறந்து சில நொடி காத்திருங்கள், சில மாறிகளின் நிறம் திடீரென மாறும். மொழிச் சேவையகம் எழுந்து, இது வெளியிலிருந்து வந்த அளபுரு, அது உள்ளே பிறந்த மாறி என்று பிரித்துச் சொன்ன நேரம் அது. அந்த இரண்டாவது அடுக்கு பொருளைப் பார்க்கிறது. நியோவிம் போன்றவற்றில் ட்ரீ-சிட்டர் வைத்தால் உண்மையாகவே தொடர் மரம் கட்டுகிறது, அங்கே 'தொடரியல்' பொருந்தும். ஆக மூன்று வேலைக்கு ஒரே பெயர்.

நிரோஷன் (யாழ்ப்பாணம்):

சொல்லைப் பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது. எனக்கு அஸ்டிக்மாட்டிசம். கறுப்பில் தூய வெள்ளை எழுத்து என்றால் ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் ஒளி கசியும், ஒரு மணித்தியாலத்தில் தலையிடி. விகிதம் 21 என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். இப்போது #1E1E1E பின்னணியில் #D4D4D4 எழுத்து, 11 சொச்சம் வருகிறது. சுகமாக இருக்கிறது.

மல்லிகா:

ஹைலைட் என்றால் மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுக்கிற பகுதிதானே? அதற்குத் 'தெரிவு' போதுமே. ஒன்று கேட்கிறேன், எனக்குத் தேர்ந்தெடுத்தவுடன் நிரலுக்குள் எழுதிய கருத்துரை வரிகள் காணாமல் போகின்றன. ஏன்?

செந்தில்:

மல்லிகாக்கா, கேள்வி அது இல்லை, ஆனாலும் நல்ல இடத்தில் கைவைத்தீர்கள். கயல், உங்கள் தோற்றத்தில் கருத்துரை என்ன நிறம்?

கயல்விழி:

முதலில் #5A5A5A. கருத்துரை பின்னால் ஒதுங்கட்டும் என்று வைத்தேன். #1E1E1E மேல் கணக்குப் பார்த்தால் 2.4 தான். அப்புறம் #8A8A8A ஆக்கினேன், 4.8 வந்தது. வழிகாட்டியின் நடுப் படியில் சாதாரண எழுத்துக்கு வேண்டிய 4.5-ஐத் தாண்டிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

செந்தில்:

இப்போது தெரிவுப் பின்னணியை எடுங்கள். #264F78 என்றால் அதே #8A8A8A அதன் மேல் 2.5-க்கு விழும். பின்னணி ஒன்று என்று நினைத்துக் கணக்குப் போடுகிறோம். உண்மையில் தெரிவு, தேடல் முடிவு, நடப்பு வரி என்று ஒவ்வொன்றும் ஒரு பின்னணி.

இன்னொரு பள்ளம், நிறம் தேர்ந்தெடுக்கும் கருவியில் இருக்கும் எச்எஸ்எல் முறை. தூய மஞ்சளும் தூய நீலமும் அதில் ஒளிர்வு 50 சதவீதம். உங்கள் பின்னணியில் மஞ்சள் 15.5, நீலம் 1.9! ஒரே ஒளிர்வு என்று நம்பித் திறவுச்சொல்லுக்கு நீலம் கொடுத்தால் அது இருட்டில் மூழ்கும். 2020-இல் வந்த ஓகேலேப் கணக்கில் நிறம் தேர்ந்தால் இந்தப் பிழை பெரிதும் குறையும். ஒளிர்வை நிலையாக வைத்து நிறத்தை மட்டும் சுழற்றலாம்.

ராமநாதன்:

செந்தில் சொன்னதைப் படித்த பிறகு 'மிளிர்ப்பை' நானே கைவிடுகிறேன். அது சொல்பவனைத் தவறான பக்கம் தள்ளுகிறது. 'நிறப்பிரிப்பு' என்றால் எப்படி? ஆனால் நான் அச்சகத்தில் இருந்தவன். அங்கே நான்கு மைக்குப் படத்தைப் பிரிப்பதற்கு அந்தச் சொல் இருக்கிறது. பள்ளி இயற்பியலில் நிறப்பிரிகையும் வேறு. 'நிறப்பகுப்பு'? விக்கிப்பீடியாவில் பகுப்பு என்றால் வேறு.

'நிறச்சுட்டு' என்று வைக்கலாமா? இது என்ன வகைச் சொல் என்று நிறம் சுட்டுகிறது. இலக்கணத்தில் சுட்டு நமக்குப் பழக்கம்தான். உரக்கச் சொல்வதும் இல்லை, பளபளப்பும் இல்லை.

செந்தில்:

நல்லா இருக்கு ஐயா. வடிவவழி நிறச்சுட்டு, தொடர்வழி நிறச்சுட்டு, பொருள்வழி நிறச்சுட்டு என்று மூன்று அடுக்கையும் பிரிக்கலாம். சுட்டி என்றால் மவுஸ் என்பது மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது. ஒளி விகிதத்துக்கு 'எடுப்பு' என்று சொல்லலாம் என்று ரொம்ப நாளாக எனக்கு ஆசை. 'கறுப்புச் சேலையில் மஞ்சள் கரை எடுப்பாக இருக்கு' என்று வீட்டில் சொல்வதுதான்.

மல்லிகா:

எங்கள் ஊரில் 'எடுப்பு' என்றால் பழைய கக்கூஸ் ஞாபகம்தான் வரும். வேண்டாம்.

நிரோஷன்:

'துலக்கம்' என்று சொல்லலாமே. 'துலங்குது' என்று நாங்கள் சொல்வோம். தமிழில் கருத்துரை எழுதுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். கருத்துரையைச் சாய்வெழுத்தாகக் காட்டும் தோற்றங்கள் நிறைய. தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலும் சாய்வு வடிவம் இருக்காது, எடிட்டர் தானே சரித்துவிடும். 'ண', 'ஞ' எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும்.

கயல்விழி:

ஆமாம், என் தோற்றத்திலும் சாய்வு இருந்தது. இப்போது எடுத்துவிட்டேன். யாருக்காவது உதவும் என்றால், அமைப்புக் கோப்பில் இப்படி:

```json
"editor.tokenColorCustomizations": {
  "textMateRules": [{
    "scope": "comment",
    "settings": { "foreground": "#8A8A8A", "fontStyle": "" }
  }]
}
```

வெற்று `fontStyle` சாய்வை நீக்குகிறது. எந்தச் சொல்லுக்கு என்ன பெயர் ஒட்டியிருக்கிறது என்று பார்க்க `Developer: Inspect Editor Tokens and Scopes` கட்டளை போதும். நிறம் பொருள்வழி அடுக்கிலிருந்து வந்திருந்தால் அதுவும் அங்கே தெரியும். நேற்று அரை மணி நேரம் டெக்ஸ்ட்மேட் விதியை மாற்றி மாற்றிப் பார்த்தேன், நிறம் அசையவே இல்லை. கடைசியில் மேலே இருந்த அடுக்கு அதை மூடியிருந்தது.

'நிறச்சுட்டு' வைத்துக்கொள்கிறேன். 'துலக்கமா' 'எடுப்பா' என்று இன்னும் முடிவு செய்யவில்லை, இப்போதைக்கு 'ஒளி விகிதம்' என்றே எழுதுகிறேன். மல்லிகாக்கா சொன்ன தெரிவுச் சிக்கலும் தீரவில்லை. தெரிவு நிறத்தை #2A3B4D என்று இருட்டாக்கினால் கருத்துரை 3.3-க்கு ஏறுகிறது, ஆனால் தெரிவே பின்னணியிலிருந்து 1.5 அளவில்தான் வேறுபடுகிறது. எது தேர்ந்தெடுக்கப்பட்டது என்று தேட வேண்டியிருக்கிறது.

மல்லிகா:

தெரிவைச் சுற்றி ஒரு கோடு போட முடியாதா?

செந்தில்:

`editor.selectionHighlightBorder` என்று ஒன்று உண்டு. ஆனால் அது தேர்ந்தெடுத்த சொல் வேறிடங்களில் வருவதைத்தான் சுற்றும், தெரிவையே சுற்றாது. இன்று இரவு வேறு வழி பார்த்துவிட்டு எழுதுகிறேன்.