வீட்டோவால் வரும் முடக்கம், அதன் பிறகு பொதுச் சபைக்கு மிஞ்சுவது: என்ன சொல் வைக்கலாம்?

கோமதி, டெல்லி:
வணக்கம். இங்கே சட்டம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக ஐ.நா. சாசனக் குறிப்புகளைத் தமிழில் எழுதி வருகிறோம். நிரந்தர உறுப்பு நாடு ஒன்று வீட்டோ போட்டதால் பாதுகாப்பு அவை அசையாமல் நின்றுவிடும் நிலைக்கு 'முட்டுக்கட்டை' என்றும், அதன் பிறகு பொதுச் சபை கையில் எடுக்கும் அதிகாரத்துக்கு 'எஞ்சிய அதிகாரம்' என்றும் எழுதியிருக்கிறேன். இரண்டுமே முழுசாக ஒட்டவில்லை. யோசனை சொல்லுங்கள்.

சேகர், ஆர்.கே.புரம்:
'மீறதிகாரம்' என்று வையுங்கள். 1950 நவம்பரில் வந்த 377ஆம் தீர்மானப்படி, மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைத்தால் பொதுச் சபை வீட்டோவைத் தள்ளிவிட்டு உத்தரவு போடலாம். வெறும் 'எஞ்சிய' என்பது சோப்பளாங்கியாக இருக்கிறது.

ராஜம், துவாரகா:
எங்கள் சொசைட்டியில் இதே கதைதான். கமிட்டியில் ஒருத்தர் கையெழுத்துப் போடாததால் தண்ணீர்த் தொட்டி வேலை நின்றது, கடைசியில் பொதுக்குழுவைக் கூட்டி முடித்தோம். 'பொதுக்குழு அதிகாரம்' என்றே சொன்னால் என்ன?

வரதன், டெல்லி:
ராஜம் அம்மா, உங்கள் பொதுக்குழுவின் முடிவு கமிட்டியைக் கட்டுப்படுத்தும். ஐ.நா. பொதுச் சபையின் தீர்மானம் உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தாது, பரிந்துரை மட்டுந்தான். சேகர் தம்பி சொன்ன தீர்மானமும் ஆண்டும் சரி, மூன்றில் இரண்டு பங்கும் சரி, ஆனால் அதில் உத்தரவு என்ற பேச்சே கிடையாது. நிரந்தர உறுப்பினர்கள் ஒத்துப்போகாததால் பாதுகாப்பு அவை உலக அமைதியைக் காக்கும் தன் முதன்மைப் பொறுப்பைச் செய்யத் தவறினால், பொதுச் சபை அந்த விஷயத்தை எடுத்துக்கொண்டு கூட்டு நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கலாம், தேவையானால் ஆயுதப் படை உட்பட. போட்ட வீட்டோ போட்டபடியேதான் இருக்கும்.

1956 சூயஸ் விவகாரத்தைப் பாருங்கள். எகிப்தில் இஸ்ரேல் நுழைந்ததும் அமெரிக்கா பாதுகாப்பு அவையில் கொண்டுவந்த வரைவுத் தீர்மானத்தை பிரிட்டனும் பிரான்சும் வீட்டோ போட்டு நிறுத்தின. மறுநாள், அக்டோபர் 31 அன்று, யூகோஸ்லாவியா, பொதுச் சபையின் அவசர சிறப்புக் கூட்டத்தைக் கூட்டச் சொல்லி அதே அவையில் ஒரு தீர்மானம் வைத்தது. அதையும் அந்த இரண்டு நாடுகள் எதிர்த்தன, ஆனாலும் நிறைவேறிவிட்டது, ஏனென்றால் கூட்டம் கூட்டுவது வெறும் நடைமுறை விஷயம், அதில் வீட்டோ செல்லாது. அன்றைக்கு 11 பேர் கொண்ட அவையில் 7 வாக்கு போதும், சரியாக 7 கிடைத்தது. நவம்பர் 2 அன்று சபை போர்நிறுத்தம் கோரியது: ஆதரவு 64, எதிர்ப்பு 5. சோவியத் வீட்டோவைச் சுற்றிப்போக அமெரிக்கா முன்னின்று செய்த 377ஆம் தீர்மான வழி, முதலில் கூட்டிய அவசரக் கூட்டத்திலேயே அதன் சொந்தக் கூட்டாளிகள் மேல் பாய்ந்தது!

அதனால் 'முட்டுக்கட்டை' வேண்டாம் என்பேன். அது வீட்டோ போடும் செயலைக் காட்டுகிறது, நமக்கு வேண்டியது அதனால் வரும் நிலை. 'வீட்டோ முடக்கம்' போதும். போதிய வாக்கு கிடைக்காமல் ஒரு வரைவு தோற்றால் அது இந்தக் கணக்கில் வராது, ஆகவே 'வீட்டோ' என்ற சொல் உள்ளே இருந்தே ஆக வேண்டும்.

சேகர்:
சரி சார், ஆனால் சூயஸில் பொதுச் சபை படையே அனுப்பியதே? அது பரிந்துரையா?

வரதன்:
எகிப்து சம்மதித்ததால் போன படை அது. யாரையும் அடித்து வழிக்குக் கொண்டுவரப் போகவில்லை. இஸ்ரேல் தன் பக்கத்தில் நிற்க விடவில்லை, அதனால் அங்கே நிற்கவும் இல்லை. 1967 மே மாதம் எகிப்து போகச் சொன்னதும் திரும்பிவிட்டது. பாதுகாப்பு அவை கட்டாய நடவடிக்கையாக அனுப்பிய படையாக இருந்தால், ஒரு நாடு போ என்றதும் கிளம்ப வேண்டியதில்லை.

ராஜம்:
யார் செலவு செய்தது?

வரதன்:
நல்ல கேள்வி அம்மா. பொதுச் சபை அந்தச் செலவை உறுப்பு நாடுகள் மேல் பங்கு போட்டது, சில நாடுகள் கட்ட மாட்டோம் என்றன. 1962இல் சர்வதேச நீதிமன்றம் அது ஐ.நா.வின் செலவுதான் என்றது, அவையின் பொறுப்பு முதன்மையானதே தவிர ஏகபோகம் அல்ல என்றும் சொன்னது. படை அனுப்பச் சொல்வது பரிந்துரை, பில் மட்டும் கட்டாயம்!

கோமதி:
'முதன்மையானதே தவிர ஏகபோகம் அல்ல' என்ற வரியிலிருந்துதான் எனக்குப் பிடிப்பு கிடைக்கிறது. 'எஞ்சிய அதிகாரம்' என்றால் பிள்ளைகள் நம் அரசியலமைப்பின் 248ஆவது பிரிவை நினைத்துக்கொள்வார்கள், அங்கே நாடாளுமன்றத்துக்கு இருப்பது முழுச் சட்டமியற்றும் அதிகாரம். 'முதல்நிலைப் பொறுப்பு', 'வழிநிலைப் பரிந்துரை அதிகாரம்' என்று ஜோடியாக வைத்தால்?

வரதன்:
வழிநூல் முதல்நூலிலிருந்து பிறப்பது. சபையின் அதிகாரம் அவையிலிருந்து பிறக்கவில்லை, சாசனத்தின் 10ஆவது பிரிவு அதை நேரடியாகத் தருகிறது. அவை ஒரு பிரச்சினையைக் கையாளும்போது சபை அதில் பரிந்துரைக்கக்கூடாது என்று 12ஆவது பிரிவு நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். 'துணைநிலை' பரவாயில்லை, ஆனால் அதில் உதவிக்கு நிற்கும் வாடை அடிக்கிறது.

சேகர்:
'மீறதிகார'த்தை நான் விட்டுவிடுகிறேன். 'இரண்டாம்நிலை' என்றால் யாருக்காவது ஆட்சேபம் உண்டா?

கோமதி:
முடக்கத்துக்கு 'வீட்டோ முடக்கம்' என்று எடுத்துக்கொள்கிறேன். இன்னொன்றுக்கு 'இரண்டாம்நிலைப் பரிந்துரை அதிகாரம்' என்று பென்சிலில் குறித்திருக்கிறேன். 'பரிந்துரை' என்பது மட்டும் எந்தச் சொல் வந்தாலும் போகக்கூடாது. மற்றபடி வேறு யாராவது நல்லதாகச் சொன்னால் மாற்றிவிடலாம்.