‘டிஸ்க் கோட்டா’வுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

கயல்விழி:
அனைவருக்கும் வணக்கம். ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பலகத்தைத் தமிழாக்கி வருகிறேன். `Disk quota exceeded` என்பதற்கு முன்பு யாரோ ‘வட்டு நிறைந்துவிட்டது’ என்று எழுதியிருக்கிறார்கள். அது தவறு என்றே நினைக்கிறேன். வட்டே நிறைந்தால் வருவது `No space left on device`. கோட்டா செய்தி வரும்போதோ சர்வரில் இடம் மிச்சமிருக்கும். அந்தக் கணக்குக்கு அளந்துவிட்டதுதான் தீர்ந்திருக்கும். ‘இட ஒதுக்கீடு’ சரிவருமா?

முருகேசன்:
வேண்டாம் அம்மா. அதைப் படித்ததும் கல்வியும் வேலைவாய்ப்பும்தான் நினைவுக்கு வரும். பொருளும் ஒட்டவில்லை. நமக்கென்று யாரும் இடத்தை எடுத்து வைப்பதில்லை, இதற்கு மேல் போகாதே என்று கோடுதான் போடுகிறார்கள். அதனால் ‘இடவரம்பு’.

ஸ்டீபன்:
சொல் எதுவானாலும் சரி, என் தளத்தின் 5 ஜிபியும் போய்விட்டது! படங்கள்தான் காரணம் என்றார்கள். `uploads` கோப்புறையில் பழைய படங்களையெல்லாம் ஃபைல் மேனேஜரில் நீக்கினேன், துளிகூடக் குறையவில்லை. `du -sh *` போட்டுக் கூட்டினால் 2.9 ஜிபிதான் வருகிறது. கணக்கைத் தப்பாகக் காட்டுகிறார்களா?

முருகேசன்:
கணக்கு சரியாகவே இருக்கும். புள்ளியில் தொடங்கும் பெயர்களை `*` விட்டுவிடும். இப்படிப் பாருங்கள்:

```
du -ah --max-depth=1 ~ | sort -h
```

ஸ்டீபன்:
பார்த்தேன் அண்ணா. `.trash` மட்டும் 2.1 ஜிபி! நான் நீக்கிய படங்கள் அத்தனையும் அங்கேதான். `public_html` 1.3, அதில் பெரும்பகுதி `wp-content/updraft` என்ற கோப்புறை, பேக்கப் பிளகின் சேர்த்து வைத்தது. `mail` 0.9. வீட்டுக் கோப்புறையில் 0.7 ஜிபிக்கு ஒரு `tar.gz`, தளத்தை மாற்றியபோது எடுத்து மறந்தது.

முருகேசன்:
அந்த இரண்டு பேக்கப்பையும் முதலில் உங்கள் கணினிக்கு இறக்குங்கள், திறந்து பாருங்கள், பிறகு அழியுங்கள். `mail` உள்ளே, இல்லாத முகவரிகளுக்கு வரும் அஞ்சலெல்லாம் சேரும் பெட்டி ஒன்று இருக்கலாம். யாரும் திறக்காத பெட்டி என்பதால் ஸ்பேம் வருடக்கணக்கில் குவியும். மொபைலில் நீக்கிய அஞ்சலும் பெரும்பாலும் அதே கணக்கின் குப்பைக்குத்தான் போகிறது.

கயல்விழி:
அப்படியென்றால் ஃபைல் மேனேஜரில் ‘நீக்கு’ என்று நான் போட்டதும் தவறு. ‘குப்பைக்கு நகர்த்து’ என்றிருந்தால் ஸ்டீபன் அலைந்திருக்க மாட்டார். இன்றே மாற்றுகிறேன்.

‘இடவரம்பு’ பற்றி ஒரு தயக்கம். கோப்புகளின் எண்ணிக்கைக்கும் கோட்டா உண்டு. பல்லாயிரம் குட்டிக் கேஷ் கோப்புகள் சேர்ந்தால் இடம் பாதி காலியாக இருக்கும்போதே இதே செய்தி வருகிறது.

முருகேசன்:
அது எனக்குத் தோன்றவில்லை, நியாயம்தான். ‘கணக்கின் வரம்பு தாண்டியது’ என்றால் இரண்டுக்கும் பொருந்தும்.

கயல்விழி:
செய்திக்கு அதை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் கோட்டாவுக்குள்ளேயே சாஃப்ட் லிமிட், ஹார்ட் லிமிட் என்று இரண்டு இருக்கின்றன. முதலாவதைத் தாண்டினால் சில நாள் அவகாசம் கிடைக்கும், இரண்டாவதைத் தாண்டவே முடியாது. கோட்டாவையே வரம்பு என்று சொல்லிவிட்டால் இவற்றுக்கு என்ன வைப்பது?