படங்குக்குள் என்ன பூசுவது: டால்க்கா, சோளமாவா?

"வேர்க்குருவுக்குச் சோளமா பவுடர் பூசுவதும் பூஞ்சைக்குச் சோறு ஊட்டுவதும் ஒன்றுதான். டால்க் இருக்கும்போது வேறெதுவும் வேண்டாம்." (பசறை மாமா, சனிக்கிழமை இட்டது)

மாத்தளை செல்வி
இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை. நான் ஒன்பது வருடமாகக் கொழுந்து பறிக்கிறவள். சித்திரை வெயிலில் படங்கை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மலையேறினால், பத்து மணியாகும் முன்பே பாவாடை நாடா பதியும் இடம் ஊறிப்போய்விடும். டால்க் பூசிய காலத்தில், மதியம் கொழுந்து நிறுக்க வந்து படங்கை அவிழ்த்தால் பவுடர் வியர்வையோடு வழிந்து நாடாவில் ஒட்டியிருக்குமே தவிர, தோல் ஈரமாகவே இருக்கும். சோளமாவில் செய்த பவுடருக்கு மாறிய பிறகு அந்த இடம் ஓரளவு காய்ந்திருக்கிறது. இதுவரை எந்தப் பூஞ்சையும் என்னிடம் சோறு கேட்டு வரவில்லை, மாமா.

பசறை மாமா
தங்கச்சி, நான் ஸ்டோரில் ட்ரையர் முன்னால் இருபத்திரண்டு வருடம் நின்றவன். வெளியே மழை பெய்தாலும் உள்ளே எங்களுக்குச் சித்திரைதான். வியர்வையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சோளமா என்பது உணவு. ஈரமும் சூடும் உள்ள இடத்தில் உணவை வைத்தால் பூஞ்சை வரும். பாணை மூன்று நாள் மூடி வைத்தால் என்ன ஆகிறது என்பது குழந்தைக்கும் தெரியும். டால்க் என்பது கல். கல்லை எந்தப் பூஞ்சை தின்னும்? அதுமட்டுமல்ல, நான் வாங்கும் வேர்க்குருப் பவுடரைப் பூசியவுடனே முதுகு குளிர்ந்துவிடுகிறது. உங்கள் சோளமா குளிருமா?

கேரம் பிள்ளை
எங்கள் லயத்தில் கேரம் பலகைக்கு டால்க் பவுடர்தான் தூவுவோம். ஒரு நாள் அது தீர்ந்துவிட்டதால் அம்மாவின் சமையல் சோளமாவைத் தூவினோம். ஸ்ட்ரைக்கர் பாதி வழியில் நின்றுவிட்டது. ஆகவே டால்க்தான் நல்லது என்று நானும் நினைக்கிறேன்.

மாத்தளை செல்வி
தம்பி, இங்கே பேசுவது என் இடுப்பைப் பற்றி, உங்கள் கேரம் பலகையைப் பற்றி அல்ல.

பழைய பாமசி
தம்பியைத் துரத்தாதீர்கள் அம்மா, அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. டால்க்கின் துகள்கள் மெல்லிய தகடுகள். ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். அதனால்தான் காய் ஓடுகிறது, தொடையோடு தொடை உரசும் இடத்திலும் எரிச்சல் குறைகிறது. ஆனால் தண்ணீரை அது விரும்பாது. ஒரு தம்ளர் தண்ணீரில் வாசனை எதுவும் சேர்க்காத டால்க்கை ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள், மேலே மிதக்கும். சோளமாவைத் தூவினால் நனைந்து கீழே இறங்கித் தண்ணீரைப் பாலாக்கும். ஈரத்தை ஓரளவு உறிஞ்சுவது சோளமாதான்; செல்வி கண்டது சரி. ஆனால் அதற்கும் அளவு உண்டு. வியர்வை ஓடிக்கொண்டே இருந்தால் அது கட்டி கட்டியாகத் திரளும், பிறகு அந்தக் கட்டியே தோலை உரசும்.

மாமாவுக்கு ஒன்று. உங்கள் முதுகைக் குளிரவைப்பது டால்க் அல்ல, அந்த டின்னில் சேர்த்திருக்கும் மெந்தோல். அதே மெந்தோலைச் சோளமாவில் கலந்தாலும் குளிரும். சில வேர்க்குருப் பவுடர்களில் போரிக் அமிலமும் இருக்கும் என்பதால், அவற்றைக் குழந்தைக்கோ புண்ணான தோலுக்கோ பூசக்கூடாது.

பூஞ்சைக் கதைக்கு வருவோம். 1984இல் லேடன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் இதையே மனிதத் தோலில் சோதித்து வெளியிட்டிருக்கிறார். சோளமா பூசியதால் கேண்டிடா என்ற அந்தப் பூஞ்சை கூடுதலாக வளரவில்லை என்பதுதான் அவர் கண்டது. பாணில் நடப்பது தோலிலும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது.

பசறை மாமா
1984ஆம் வருடம் அமெரிக்காவில் யாரோ ஒருவருடைய தோலில் செய்த சோதனையை, 2 மணி ஷிப்டில் ட்ரையர் முன்னால் நிற்கிறவனுடைய அக்குளுக்குக் கொண்டுவருகிறீர்கள். அந்த டாக்டர் ஒரு நாளாவது இலை வாட்டியிருப்பாரா? சோளமா உணவு, டால்க் கல். இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். போன மாதம் அட்டைக்கடிக்குச் சவர்க்காரமா உப்பா என்ற வாதத்திலும் நீங்கள் இப்படித்தான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள்.

பழைய பாமசி
அட்டை விஷயத்தில் நான் சொன்னது சரி என்று கடைசியில் ஒப்புக்கொண்டவர் நீங்கள்தான்.

பசறை மாமா
ஒப்புக்கொள்ளவில்லை. நேரமாகிவிட்டதால் தூங்கப் போனேன்.

நுவரெலியா குளிர்
இவ்வளவு பேசுகிறீர்கள், முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் 2020இல் அமெரிக்காவிலும் கனடாவிலும், 2023இல் உலகம் முழுவதும் டால்க் குழந்தைப் பவுடரை நிறுத்திவிட்டுச் சோளமாவுக்கு மாறியது. 2024இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், டால்க்கை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் ஒரு படி மேலே ஏற்றியது. ஆகவே வேர்க்குருவுக்கு நல்லது சோளமா என்பது நிரூபணமாகிவிட்டது.

பசறை மாமா
கம்பளி போர்த்திக்கொண்டு தூங்குகிற ஊரிலிருந்து வேர்க்குருவுக்குத் தீர்ப்பு வந்திருக்கிறது; எல்லோரும் எழுந்து நின்று கேளுங்கள்.

நுவரெலியா குளிர்
எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கொழும்பில் வேலை செய்கிறார்கள் ஐயா, அவர்களுக்கும் முதுகு இருக்கிறது.

பழைய பாமசி
தம்பி சொன்ன வருடங்கள் சரி, அவற்றிலிருந்து எடுத்த முடிவுதான் சரியில்லை. அந்த நிறுவனத்தின் மேல் ஆயிரக்கணக்கான வழக்குகள் இருந்தன. பூமிக்குள் டால்க் கிடைக்கும் இடத்திலேயே ஆஸ்பெஸ்டாஸும் கிடைக்கலாம் என்பதும், பெண்கள் மறைவிடத்தில் டால்க் பூசுவதும்தான் அந்த வழக்குகளில் பேசப்பட்டவை. எது வேர்க்குருவை ஆற்றும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அந்தக் காரணங்களுக்காக டால்க்கை விட விரும்புகிறவர் தாராளமாக விடலாம். மறைவிடத்தில் பூசவே வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். குழந்தையின் முகத்துக்கு அருகே எந்தப் பவுடரையும் தட்டக்கூடாது, ஏனென்றால் மூச்சோடு உள்ளே போனால் சோளமாவும் நுரையீரலுக்கு ஆகாது.

வேர்க்குரு என்பது வியர்வை வெளியே வரும் துவாரம் அடைபட்டு, வியர்வை தோலுக்குள்ளேயே தேங்குவதால் வருவது. அடைப்பைத் திறக்கும் வேலையை இரண்டு பவுடருமே செய்வதில்லை. குளிர்ந்த நீரில் குளித்து, துவட்டி, காற்றுப் பட இருந்தால் சில நாளில் தானாக அடங்கும். அரிப்புக்குக் கலமைன் பூசலாம். பவுடர் பூசுவதானால் குளித்துக் காய்ந்த தோலில் மெல்லியதாகப் பூச வேண்டும். வியர்த்த உடம்பின் மேல் அள்ளிப் பூசினால் அது சுவருக்குச் சாந்து பூசிய மாதிரிதான் இருக்கும்.

மாத்தளை செல்வி
ஐயா, இப்போது ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மாமா சிரிப்பார், பரவாயில்லை. என் தங்கைக்கும் அதே பவுடரைத்தான் கொடுத்தேன். அவள் கொஞ்சம் பருமனான உடம்பு. எனக்கு நன்றாக இருந்தது அவளுக்கு ஆகவில்லை. படங்கு கட்டும் இடத்துக்கு மேலே, வயிற்று மடிப்புக்குள் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. மூன்று வாரமாகியும் ஆறவில்லை. வேர்க்குரு என்றுதான் நினைத்தோம்.

பசறை மாமா
வந்ததா பூஞ்சை? நான் சனிக்கிழமையே சொன்னேன். உணவு, உணவு, உணவு!

பழைய பாமசி
மாமா, கொஞ்சம் பொறுங்கள். அம்மா, அது தனித்தனிப் பருவாக இருக்கிறதா, இல்லை ஒரே பரப்பாகச் சிவந்திருக்கிறதா? சிவப்பின் ஓரத்துக்கு வெளியே சிறு கொப்புளங்கள் சிதறியிருக்கின்றனவா?

மாத்தளை செல்வி
ஒரே பரப்பாகத்தான் இருக்கிறது. மடிப்பின் நடுவில் தோல் வெள்ளையாக ஊறி உரிகிறது. ஓரத்துக்கு வெளியே கடுகு தெளித்தது போலச் சின்னச் சின்னதாக இருக்கின்றன. வேர்க்குரு போல ஊசி குத்துவதில்லை, எரிகிறது என்கிறாள்.

பழைய பாமசி
அது வேர்க்குரு மாதிரி தெரியவில்லை. வேர்க்குரு ஊசித்தலை அளவில் தனித்தனியாக, பெரும்பாலும் கழுத்திலும் முதுகிலும் மார்பிலும் வரும். வியர்க்கும்போது குத்தும், உடம்பு குளிர்ந்தால் அடங்கும். மடிப்புக்குள் ஒரே பரப்பாகச் சிவந்து, ஓரத்துக்கு வெளியே கடுகு சிதறினால் கேண்டிடாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அங்கே டால்க்கும் வேண்டாம், சோளமாவும் வேண்டாம். கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, காய்ந்த பிறகு க்ளோட்ரிமசோல் களிம்பைக் காலையும் இரவும் இரண்டு வாரம் போடச் சொல்லுங்கள். சிவப்பு மறைந்ததும் நிறுத்திவிட வேண்டாம். மடிப்புக்குள் ஒரு துண்டுப் பருத்தித் துணியை வைத்து, நனைந்ததும் மாற்றட்டும். இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலோ திரும்பத் திரும்ப வந்தாலோ ஆஸ்பத்திரியில் காட்டி, இரத்தத்தில் சீனியையும் பார்க்கச் சொல்லுங்கள். சீனி ஏறியிருப்பவர்களுக்கு இது விடாமல் வரும்.

பசறை மாமா
ஆக, பூஞ்சை வந்தது. வந்த இடத்தில் சோளமா இருந்தது. பாமசி ஐயாவும் இப்போது சோளமா வேண்டாம் என்கிறார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மாத்தளை செல்வி
மாமா, தங்கையிடம் இப்போதுதான் கேட்டேன். சிவப்பு தொடங்கியபோது அவள் பூசிக்கொண்டிருந்தது டால்க். அது ஆகவில்லை என்றுதான் என் பவுடரைக் கேட்டு வாங்கினாளாம். உங்கள் கல்லையும் பூஞ்சை தின்றிருக்கிறது.

பசறை மாமா
அவளுக்கு நாள் கணக்கு மறந்திருக்கும்.

பழைய பாமசி
அங்கே பூஞ்சைக்கு வேண்டியது ஈரமும் உரசலும் சூடும்தான். அவை மூன்றும் படங்குக்குள் ஏற்கனவே இருக்கின்றன. சோளமா அதை எவ்வளவு கூட்டியது, கூட்டவே இல்லையா என்பதை இந்த ஒருத்தியை வைத்து நானும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது. பூஞ்சை பிடித்துவிட்ட இடத்தில் மாவைத் தூவ வேண்டாம் என்று பல மருத்துவர்கள் இன்றும் எச்சரிக்கையாகவே சொல்கிறார்கள்.

பசறை மாமா
"பல மருத்துவர்கள்" என்கிறீர்களே, அவர்கள் என் கட்சி. நான் வீட்டிலேயே சோதனையைத் தொடங்கிவிட்டேன். இரண்டு துண்டுப் பாணை நனைத்து, ஒன்றில் டால்க்கும் மற்றதில் சோளமாவும் தூவி, தனித்தனி டின்னில் மூடி வைத்திருக்கிறேன்.

கேரம் பிள்ளை
மாமா, பாணே மாவுதானே? டால்க் தூவிய துண்டிலும் பூஞ்சைக்குச் சோறு இருக்கிறதே.

பசறை மாமா
புதன்கிழமை டின்னைத் திறப்பேன். அதுவரை யாரும் பேச வேண்டாம்.