புதுப்பிப்பு: முகாம் தரவில் நம்ப முடியாத உயரங்கள், களக் குழுவுக்கு எழுதிய கடிதம்

என் கேள்வி: "பெரியவர்களின் உயரம் சில வரிகளில் 58 செ.மீ., சிலவற்றில் 5.4. நானே திருத்தலாமா, களக் குழுவுக்கு எழுத வேண்டுமா?"

உதவிய எல்லோருக்கும் நன்றி. "உங்கள் ஊகத்தைக் கடிதத்தில் எழுதாதீர்கள், அதையே சரி என்று திருப்பி அனுப்புவார்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. அடையாள எண், தேதி, பதிவான உயரம், எடை, பக்கத்தில் ஒரு காலிக் கட்டம், அவ்வளவுதான் அனுப்பினேன். காகிதப் படிவத்தில் உள்ளதை அப்படியே எழுதச் சொன்னேன்.

உயரம் 58, எடை 158 என்றிருந்தவை இடம் மாறியவை. 5.4 அடிக்கணக்கு என்று ஒருவர் சொன்னது சரி. ஆனால் அவர் சொன்னபடி 30.48ஆல் பெருக்கினால் 164.6 வரும், படிவத்தில் இருந்தது 5 அடி 4 அங்குலம், அதாவது 162.6 செ.மீ.

எதிர்பாராதது, சில வரிகளில் உயரமாகப் பதிவாகியிருந்த 5.1தான். 5 அடி 10 அங்குலத்தை 5.10 என்று தட்டியதும் விரிதாள் கடைசிப் பூஜ்யத்தை விட்டுவிட்டது. படிவம் இல்லாமல் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.



ஒரு மூதாட்டிக்குப் படிவத்திலும் 128 செ.மீ.தான். கூன் காரணமாக இருக்கலாம். மறுபடி அளக்கும்வரை நீக்காமல், குறியிட்டு வைத்திருக்கிறேன்.