முன்கைக் கட்டியில் இத்தனை மைட்டோசிஸ்: சார்க்கோமாவா, இல்லையா?

கோத்தகிரி பிஜி
28 வயதுப் பெண், எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். இடது முன்கையின் உள்பக்கத்தில், தோலுக்கு அடியில் 2 செ.மீ. கட்டி. மூன்று வாரத்தில் வளர்ந்ததாம், அழுத்தினால் வலி. ஊசி பயாப்ஸி எடுத்து எச் அண்ட் ஈ ஸ்லைடு வந்திருக்கிறது. எல்லாம் நீள நீளமான ஸ்பிண்டில் செல்கள், நாற்பது லென்ஸில் எந்தப் பக்கம் நகர்த்தினாலும் மைட்டோசிஸ். நியூக்ளியஸ் பெரிது, நியூக்ளியோலஸ் தெரிகிறது. நான் சார்க்கோமா என்கிறேன், கூடப் படிக்கும் தோழி இல்லவே இல்லை என்கிறார். எதை வைத்து முடிவு செய்வது?

குன்னூர் சர்ஜன்
மூன்று வாரத்தில் 2 செ.மீ., உள்ளே செல்கள் பிரிந்துகொண்டே இருக்கின்றன, இதற்கு மேல் என்ன வேண்டும்? ஓரம் பாருங்கள், கொழுப்புக்குள் நுழைந்திருந்தால் கேள்வியே இல்லை. கையில் வரும் சார்க்கோமாவைச் சாதாரணக் கட்டி என்று விட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். சந்தேகம் என்றால் கோவைக்கு அனுப்பி, சுற்றியுள்ள நல்ல திசுவோடு அகலமாக எடுக்கச் சொல்லுங்கள்.

ஊட்டி பேத்தாலஜி
சர்ஜன் சார் சொன்னதில் பயம் நியாயமானது, காரணம் நியாயமில்லை. செல் பிரிகிறது என்பதற்கு வளர்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். ஆறுகிற புண்ணிலும் மைட்டோசிஸ் இருக்கும். எண்ணிக்கையை ஓரமாக வைத்துவிட்டு எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். குரோமோசோம்கள் நடுவில் ஒரே தட்டாக நின்று இரண்டு பக்கமும் சமமாக விலகினால் அது ஒழுங்கான மைட்டோசிஸ், ஒரு ஃபீல்டில் ஐந்து இருந்தாலும் நான் அதை வைத்துப் புற்று என்று எழுத மாட்டேன். மூன்று துருவமாக இழுபட்டிருந்தால், ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் மெலிதாகவும் பிரிந்திருந்தால் அப்போது கதை வேறு.

பிஜி, நீங்கள் வயதும் இடமும் வளர்ந்த வேகமும் சொன்னதுமே எனக்கு முதலில் தோன்றியது நோடுலர் ஃபேஸியைட்டிஸ், வேகமாக வளர்ந்தாலும் புற்று அல்லாத கட்டி. 1955இல் இதை முதன்முதலில் விவரித்தவர்கள் பெயரிலேயே 'சார்க்கோமா மாதிரி' என்று சேர்த்தார்கள், அந்த அளவுக்கு ஏமாற்றும். அதில் நியூக்ளியஸ் பெரிதாகத்தான் இருக்கும், ஆனால் உள்ளே வெளிறி, குரோமாட்டின் பொடியாக, சவ்வு வழவழப்பாக இருக்கும். பக்கத்துப் பக்கத்துச் செல்கள் உடன்பிறந்தவர்கள் மாதிரி ஒன்றையொன்று ஒத்திருக்கும். புற்றில் அந்த ஒற்றுமைதான் முதலில் போகும்: ஒன்று சின்னது, அடுத்தது அதைப்போல் மூன்று மடங்கு, ஒன்று கருகருவென்று, சவ்வில் மடிப்பும் கோணலும்.

ஓரம் விஷயத்தில் சார், ஃபேஸியைட்டிஸும் கொழுப்புக்குள் விரல் நீட்டும். அதனால் அதுவும் இங்கே உதவாது.

கோத்தகிரி பிஜி
நன்றி மேடம். ஆனால் என் ஸ்லைடில் ஒரு ஓரத்தில் செல்கள் வெளிறி இல்லை, நன்றாகக் கருத்திருக்கின்றன. நடுவில்தான் வெளிறியிருக்கிறது. அந்தக் கருப்பைப் பார்த்துத்தான் பயந்தேன்.

வெலிங்டன் லேப் டெக்னீஷியன்
டாக்டர், அந்தக் கருத்த ஓரம் ஊசித் துண்டின் நுனியா? நுனியில் செல்கள் நசுங்கி, இழுபட்டுக் கரிக்கோடு மாதிரி தெரியும், அதை யாரும் படிக்கக் கூடாது. இன்னொன்று, செக்‌ஷன் 3, 4 மைக்ரானுக்குப் பதில் தடிமனாக விழுந்தால் எல்லா நியூக்ளியஸும் கருப்பாகத்தான் தெரியும். எங்கள் ஊர்க் குளிரில் ஃபார்மலின் மெதுவாகத்தான் ஊறும், ஜனவரியில் காலையில் போட்ட துண்டை அன்று மாலையே எடுத்து ப்ராசஸ் செய்தால் குரோமாட்டின் மங்கலாகிவிடும். ஸ்டெயின் மேல் சந்தேகம் வந்தால் அதே ஃபீல்டில் இருக்கும் லிம்போசைட்டைப் பாருங்கள். அதுவே மை கொட்டினது மாதிரி இருந்தால் ஹெமடாக்ஸிலின் அதிகம். லிம்போசைட் சரியாக இருந்து உங்கள் செல் மட்டும் அதைவிடக் கருப்பு என்றால்தான் அது செல்லின் குணம்.

கூடலூர் வாசகி
எங்கள் அம்மாவுக்குக் கழுத்துக் கட்டியில் ஊசி குத்தி எடுத்த ரிப்போர்ட்டில் ஏட்டிபிக்கல் செல்கள் என்று வந்திருக்கிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது புற்று இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஊட்டி பேத்தாலஜி
இல்லைம்மா, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கே பேசுவது கையில் வந்த வேறு வகைக் கட்டி. அம்மாவுக்கு எடுத்தது தனித்தனிச் செல்கள், அந்த வார்த்தைக்கு 'இன்னும் பார்க்க வேண்டும்' என்று பொருள், இரண்டு பக்கமும் போகலாம். ரிப்போர்ட்டோடு அதே டாக்டரிடம் இந்த வாரமே போய்விடுங்கள்.

கோத்தகிரி பிஜி
பார்த்தேன். கருத்த இடம் துண்டின் நுனிதான். அங்கே லிம்போசைட்டும் நசுங்கியிருக்கிறது. நடுப்பகுதியில் செல்கள் தளர்வாக, வெளிர்நீலமாக ஜவ்வு மாதிரியான பின்னணியில் கிடக்கின்றன, இடையிடையே சின்ன வெடிப்புகள், நாளத்துக்கு வெளியே சிதறிய சிவப்பணுக்கள், கொஞ்சம் லிம்போசைட்டுகள். நெக்ரோசிஸ் எங்கும் இல்லை. ஆனால் ஒரே ஒரு மைட்டோசிஸ் மூன்று முனையாகத் தெரிகிறது.

ஊட்டி பேத்தாலஜி
நீங்கள் சொல்லும் பின்னணி அப்படியே ஃபேஸியைட்டிஸ். அந்த மூன்று முனையை மட்டும் விடாதீர்கள். அது நசுங்கிய பகுதியிலா, நடுவிலா? சாகிற செல்லும் மைட்டோசிஸ் வேஷம் போடும்: அதன் கட்டிகள் வழவழவென்று உருண்டையாக இருக்கும், சைட்டோபிளாசம் சுருங்கி அடர்ந்த ரோஸாகும். நிஜ மைட்டோசிஸில் ஓரம் நார் நாராக இருக்கும், சுற்றிச் சைட்டோபிளாசம் தெளிவாக இருக்கும். ஃபோகஸை மேலும் கீழும் திருப்புங்கள், இரண்டு செல்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் பிரிந்து தெரிந்துவிடும். நிஜமாகவே மூன்று முனைதான் என்றால் நான் ஃபேஸியைட்டிஸ் என்ற சொல்லை எடுத்துவிடுவேன்.

குன்னூர் சர்ஜன்
அப்படியானால் மிக்ஸோஃபைப்ரோசார்க்கோமாவுக்கும் அதே ஜவ்வுப் பின்னணிதானே? அதையும் வெளிறின செல் என்று விட்டுவிடுவீர்களா?

ஊட்டி பேத்தாலஜி
நல்ல கேள்வி சார், குறைந்த கிரேடில் அதுதான் நிஜமான பொறி. அதில் மைட்டோசிஸ் குறைவாகக்கூட இருக்கும், ஆனால் தளர்ந்த இடத்தில்கூட அங்கங்கே ஒரு செல் கருத்து, கோணலாக, மற்றதோடு சேராமல் நிற்கும். வளைந்து போகும் நீள நாளங்களை ஒட்டிச் செல்கள் கூடும். பெரும்பாலும் வயதானவர்கள், மாதக்கணக்கில் வளர்ந்த கட்டி. பிஜியின் கேஸில் பிரிவது அதிகம், கோணல் இல்லை. அங்கே பிரிவது குறைவு, கோணல் உண்டு. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் இரண்டுமே தலைகீழாகப் போகும்.

பிளாக்கை எஸ்எம்ஏ, டெஸ்மின், எஸ்100க்கு அனுப்புங்கள். எஸ்எம்ஏ மட்டும் பிடித்தால் பொருந்தும், அதுவே நிரூபணம் ஆகாது. கேஐ67 கேட்காதீர்கள், இதில் அதிகமாக வந்து உங்களைத் திரும்பப் பயமுறுத்தும். முடிந்தால் யூஎஸ்பி6 ஜீன் பரிசோதனை. 2011இல் ஃபேஸியைட்டிஸில் அந்த ஜீன் மாறியிருப்பது தெரியவந்த பிறகு இதை வெறும் ரியாக்‌ஷன் என்று யாரும் சொல்வதில்லை. அது நெகட்டிவ் வந்தாலும் ஃபேஸியைட்டிஸ் இல்லை என்று ஆகாது.

குன்னூர் சர்ஜன்
சரி, அகலமாக வெட்டுவதை நிறுத்திவைக்கிறேன். ஆனாலும் ஊசித் துண்டை நம்பி விட முடியாது, முழுக் கட்டியையும் எளிதாக எடுத்துக் கொடுத்துவிடுகிறேன், நீங்கள் முழுதாகப் பாருங்கள்.

ஊட்டி பேத்தாலஜி
நான் நான்கு வாரம் பார்க்கலாம் என்பேன். ஃபேஸியைட்டிஸ் என்றால் தானாகவே சுருங்க வாய்ப்புண்டு, அவருக்கும் அறுவையும் கூலி இழப்பும் மிச்சம். வளர்ந்தால் அன்றே எடுங்கள்.

குன்னூர் சர்ஜன்
மலைக்கு மேலே எஸ்டேட் லைனில் இருப்பவர் நான்கு வாரத்தில் திரும்ப வருவார் என்று யார் உறுதி தருவது? அதனால்தான் சொல்கிறேன், இப்போதே எடுத்துவிடலாம்.

கோத்தகிரி பிஜி
மூன்று முனையை ஃபோகஸ் திருப்பிப் பார்த்தேன். இரண்டு செல் மாதிரிதான் இருக்கிறது, உறுதியாகச் சொல்ல முடியவில்லை. டீப்பர் செக்‌ஷன் கேட்டிருக்கிறேன்.