ஒரே தெரு, ரெண்டு மழை

செந்தில் (காலை 7:12): நேத்து ராத்திரி மழை 26 மி.மீ. மாடில வச்ச பாட்டில்ல இப்பதான் பார்த்தேன் 🌧️

கவிதா (7:15): என்னது 26ஆ? எங்க முற்றத்து பக்கெட்ல ஸ்கேல் விட்டுப் பார்த்தேன், சரியா 5 செ.மீ. 50 மி.மீ. செந்தில் அண்ணா, உங்க வீட்டுக்கு மட்டும் பாதி மழையா?

செந்தில் (7:16): நடுவுல நாலு வீடுதான் இருக்கு 😄

பாஸ்கர் (7:20): எங்க கீழ்த்தொட்டி ரெண்டு அடி ஏறியிருக்கு. அப்போ 600 மி.மீ.ன்னு போடலாமா?

கவிதா (7:21): அண்ணா, அது மொத்த மாடித் தண்ணியும் குழாய் வழியா வந்து சேர்றது. இது வேற!

ஜெயந்தி (7:24): காரணம் சிம்பிள். பக்கெட் வாய் பெருசு, பாட்டில் வாய் சின்னது. பெரிய வாய்ல அதிக மழை விழும். அதான் கூடக் காட்டுது.

ராமநாதன் (7:31): ஜெயந்திம்மா, அதிகத் தண்ணி விழும், நெசம்தான். ஆனா அந்தத் தண்ணி பரவ வேண்டிய அடிப்பரப்பும் அதே அளவுக்குப் பெருசுன்னா உயரம் மாறாது. நேரான சுவர் இருந்தா டம்ளர் ஆனாலும் டிரம் ஆனாலும் ஒரே மி.மீ.தான் காட்டணும். மழை மி.மீ.ன்னா, தண்ணி ஓடாம, உறிஞ்சாம தரையில அப்படியே நின்னா எவ்வளவு உயரம் நிக்கும்ங்கிறதுதான்.

ராமநாதன் (7:32): கவிதா, உங்க பக்கெட் வாயும் அடியும் ஒரே அகலமா?

கவிதா (7:34): இல்ல சார், பழைய பெயின்ட் பக்கெட். கீழ போகப் போகக் குறுகும்.

ராமநாதன் (7:35): அங்கதான் விஷயம். பெரிய வாய்ல பிடிச்சதைக் குறுகலான அடியில அடைச்சு வச்சு அளந்திருக்கீங்க. உயரம் கூடத்தான் காட்டும். தண்ணியக் கொட்டிட்டீங்களா?

கவிதா (7:35): இல்ல, அப்படியே இருக்கு

ராமநாதன் (7:37): நல்லது. ஸ்கேல விடுங்க. அளவு ஜக் இருந்தா மொத்தம் எத்தனை மில்லின்னு அளந்து சொல்லுங்க. பக்கெட் வாயோட உள் அகலத்தையும் டேப் வச்சு எடுங்க. வெளி விளிம்பு வேண்டாம், உள்பக்கம்.

பாஸ்கர் (7:40): சார், என் தொட்டிக் கணக்கு?

ராமநாதன் (7:42): உங்க மாடி எத்தனை சதுர மீட்டர்னு தெரிஞ்சா ஒரு உத்தேசம் சொல்லலாம். ஒரு சதுர மீட்டர்ல 1 மி.மீ. மழைன்னா 1 லிட்டர். 100 சதுர மீட்டர் மாடின்னா 30 மி.மீ.க்கு 3000 லிட்டர். வழில நனையறது, வழியறது போக மிச்சம் தொட்டிக்கு. ஆனா திருப்பிப் போட்டு தொட்டிய வச்சு மழைய அளக்காதீங்க.

கவிதா (7:58): 1990 மில்லி. வாய் உள் அகலம் 28 செ.மீ. அடில 22.

ராமநாதன் (8:05): அடி அகலம் இனி தேவையே இல்லை. வாய் மட்டும் போதும். பாதி அகலம் 14. 14 × 14 × 3.14 = 615 சதுர செ.மீ. 1990ஐ 615ஆல் வகுத்தா 3.2 சொச்சம் செ.மீ. அதாவது மழை 32 மி.மீ. 50 இல்ல.

கவிதா (8:06): அடேங்கப்பா, 18 மி.மீ. என் பக்கெட்டே பெய்ஞ்சிருக்கு 🙈

செந்தில் (8:08): அப்பவும் எனக்கு 26தானே சார். இன்னும் 6 இடிக்குது. என் பாட்டில் நேர் சுவர். கழுத்த வெட்டிக் கவுத்து புனலா வச்சிருக்கேன். அடி மேடு பள்ளமா இருந்துச்சுன்னு கூழாங்கல் போட்டிருக்கேன்.

ராமநாதன் (8:11): கல் மூழ்கற அளவுக்குத் தண்ணி ஊத்தி அங்க பூஜ்ஜியம் கோடு போட்டீங்களா?

செந்தில் (8:12): போட்டேன். கல்லுக்கு மேல ஒரு விரல் தண்ணி நிக்கும், அங்கருந்துதான் ஸ்கேல் ஒட்டியிருக்கேன்.

ராமநாதன் (8:15): ஸ்கேலோட ஓரமா, இல்ல 0ன்னு போட்ட கோடா? பிளாஸ்டிக் ஸ்கேல்ல ஓரத்துக்கும் 0க்கும் நடுவுல 4, 5 மி.மீ. சும்மா இருக்கும். நிறைய பேர் அதுலதான் மாட்டுவாங்க.

செந்தில் (8:19): போய்ப் பார்த்துட்டு வந்தேன். 0 கோடுதான் தண்ணிமட்டத்துல இருக்கு. தண்ணி ஓரத்துல கொஞ்சம் ஏறி நிக்குதே, அதுல படிக்கணுமா, நடுவுலயா?

ராமநாதன் (8:21): நடுவுல குழிஞ்சிருக்கற மட்டம். கண்ண அதே உயரத்துக்குக் குனிஞ்சு பாருங்க. நின்னுக்கிட்டு மேலருந்து பார்த்தா ஒரு மி.மீ. தப்பும், ஆறு தப்பாது. பாட்டில் மாடில எங்க இருக்கு?

செந்தில் (8:22): கைப்பிடிச்சுவர் மேலயே. மறைப்பு எதுவும் கிடையாது. ரெண்டாவது மாடிக்கு மேல.

ஜெயந்தி (8:24): அதான் சரியான இடம்! உயரத்துல இருந்தா மரம், சுவர் எதுவும் தடுக்காது.

ராமநாதன் (8:33): மறைப்பு இருக்கக் கூடாதுங்கிறது சரி ஜெயந்திம்மா. ஆனா கைப்பிடிச்சுவர் மேல காத்துதான் எதிரி. கீழருந்து வர்ற காத்து சுவர்ல மோதி மேல எழும்பும், விளிம்புல வேகம் பிடிக்கும். அந்த வேகத்துல பாட்டில் வாய்க்கு மேல வர்ற துளி உள்ள விழாம தாண்டிப் போயிடும். கனத்த துளி ஓரளவு விழுந்துடும். பொடித் தூறல்தான் அதிகமா தப்பிச்சுப் போகும். நேத்து காத்து எப்படி இருந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்.

செந்தில் (8:34): ஜன்னல் எல்லாம் அடிச்சுச்சே.

ராமநாதன் (8:36): 32ல 6 போறதுக்கு அந்தக் காத்து போதும்னு நினைக்கிறேன். நிச்சயமா சொல்ல முடியாது. பக்கெட் வேற, பாட்டில் வேற. அதனால கவிதாவோட 32ம் முழுசா சரின்னு சொல்ல மாட்டேன். கவிதா, பக்கெட் வீட்டுச் சுவர்லருந்து எவ்வளவு தள்ளி?

கவிதா (8:39): முக்காலி மேல வச்சிருக்கேன். சுவர்லருந்து ஒரு 4 மீட்டர் இருக்கும். வீடு ஒத்த மாடி, கைப்பிடிச்சுவரோட அதுவும் 4 மீட்டர் உயரம்.

ராமநாதன் (8:44): அப்போ கொஞ்சம் கிட்டதான். பக்கத்துல இருக்கற எதுவா இருந்தாலும் அதோட உயரத்தப் போல ரெண்டு மடங்காவது தள்ளி வைக்கணும். சரியாச் சொன்னா மழைமானி வாய்க்கு மேல எவ்வளவு நிக்குதோ அந்த உயரத்துக்கு. உங்களுக்கு ஏழு மீட்டருக்குக் குறையாம வேணும். சாஞ்சு வர்ற மழை வீட்டுப் பக்கத்துலருந்து வந்தா 4 மீட்டர்ல பக்கெட் மழை நிழல்ல மாட்டும். நேத்து எதிர்ப்பக்கத்துலருந்து அடிச்சதால தப்பிச்சீங்க.

கவிதா (8:46): முற்றமே மொத்தம் ஆறு மீட்டர் சார் 😅

ராமநாதன் (8:49): பெரும்பாலான வீட்டுல அப்படித்தான். இருக்கறதுல திறந்த இடம் எதுவோ அங்க வைங்க, பிறகு மாத்தாதீங்க. இடம் மாத்திக்கிட்டே இருந்தா போன மாச மழையையும் இந்த மாச மழையையும் ஒப்பிடவே முடியாது. மரத்தடி மட்டும் வேண்டாம். முதல்ல இலை பிடிச்சு வச்சுக்கும், மழை நின்ன பிறகு சொட்டிக்கிட்டே இருக்கும்.

மலர் (9:10): இப்பதான் பார்க்கிறேன். என் போன் ஆப்ல நம்ம ஏரியாவுக்கு 18ன்னு போட்டிருக்கு. அப்போ ரெண்டு பேருமே தப்பா?

ராமநாதன் (9:18): ஆப் நம்ம தெருவுல எதையும் வச்சு அளக்கல மலர். பல கி.மீ. பரப்புக்குச் சேர்த்து ஒரு கணிப்பு. இடிமழை சில சமயம் ஒரு கி.மீ.க்குள்ளயே பாதியாக் குறையலாம். 18 அந்தப் பரப்புக்குச் சரியாக்கூட இருக்கலாம், நம்ம தெருவுக்கு அத வச்சு தீர்ப்புச் சொல்ல முடியாது.

மலர் (9:19): அப்போ யாரு சரின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ராமநாதன் (9:26): ஒரே மாதிரி ரெண்டு பாட்டில். ஒண்ணு செந்தில் மாடில இப்ப இருக்கற அதே இடத்துல, இன்னொண்ணு கவிதா முற்றத்துல. காத்தில்லாத மழைல ரெண்டும் ஒத்துப்போய், காத்து மழைல மட்டும் மாடி குறைஞ்சா குத்தம் இடத்து மேல. காத்தில்லாம பெய்யும்போதும் இடிச்சா பாட்டில் மேல.

ராமநாதன் (9:28): முற்றத்து பாட்டிலையும் முக்காலி மேலயே வைங்க. சிமென்ட் தரைல வச்சா தரைல பட்டுத் தெறிக்கற தண்ணியும் உள்ள ஏறும். வாய் எந்தப் பக்கமும் சாயாம மட்டமா இருக்கணும். காத்துல விழாம சுத்தி நாலு செங்கல், ஆனா செங்கல் வாய் உயரத்துக்கு வரக் கூடாது.

பாஸ்கர் (9:31): புனல் எதுக்கு? எடுத்துட்டா இன்னும் நல்லா விழுமே.

செந்தில் (9:33): வெயில் வந்தா ஆவியாயிடும்ணே. புனல் இருந்தா ஓட்டை சின்னது, கொஞ்சம் தாங்கும். கொசுவும் கம்மி.

ராமநாதன் (9:35): அதேதான். ஆனா புனல்ல ஒரு இலை அடைச்சா போச்சு, மழை மேலயே நிக்கும். மழைக் காலத்துல தினம் காலைல ஒரே நேரத்துக்குப் பார்த்து, எழுதிட்டு, பூஜ்ஜியம் கோடு வரைக்கும் கொட்டிடுங்க. குறைஞ்சிருந்தா கோடு வரைக்கும் ஊத்துங்க. கல்லு போட்ட பாட்டில்ல இத மறந்தா, முதல்ல விழற மழை கோட்ட எட்டவே செலவாயிடும்.

— சனிக்கிழமை —

செந்தில் (காலை 7:05): செவ்வாய் ராத்திரி அசையாம பெஞ்ச மழை: மாடி 11.

கவிதா (7:06): முற்றம் 11 👏

செந்தில் (7:07): நேத்து சாயங்காலம் காத்தோட: மாடி 19.

கவிதா (7:07): முற்றம் 24!

மலர் (7:15): அப்போ பாட்டில் நல்ல பாட்டில்தான். மாடிதான் திருடன் 😂

ஜெயந்தி (7:20): மாடி நடுவுல வச்சா? கைப்பிடிச்சுவர விட்டு உள்ள தள்ளி?

ராமநாதன் (7:34): அது நல்ல யோசனை ஜெயந்திம்மா. விளிம்ப விட நடு மாடி மேல். சுவர் காத்தக் கொஞ்சம் தடுக்கும். ஆனா தண்ணித் தொட்டியும் மாடிப்படி அறையும் அங்கதான் நிக்கும், அதுங்களோட உயரத்துல ரெண்டு மடங்கு தள்ளணும். முற்றத்த விட நல்லா இருக்குமான்னு என்னால இப்பச் சொல்ல முடியல. வச்சுப் பார்த்தாத்தான் தெரியும்.

செந்தில் (7:36): மூணாவது பாட்டில் வெட்டறேன். பாஸ்கர் அண்ணா, காலி பாட்டில் இருக்கா? இதே அகலம் வேணும்.

பாஸ்கர் (7:38): இருக்கு, ஆனா நடுவுல இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கும். ஆகுமா?

கவிதா (7:38): ஆகாதுண்ணே!! என் பக்கெட் கதை மறந்துடுச்சா?

ராமநாதன் (7:41): பிடிக்கறதுக்கு ஆகும், ஸ்கேல் ஒட்டறதுக்கு ஆகாது. கல் போடாம, ஒவ்வொரு தடவையும் ஜக்ல ஊத்தி வாய் பரப்பால வகுக்கப் பொறுமை இருந்தா கொடுங்க.

மலர் (7:45): அதுவரைக்கும் குழுல எந்த எண்ணப் போடறது?

ராமநாதன் (7:47): ரெண்டையும் போடுங்க. பக்கத்துல காத்து இருந்துச்சா இல்லையான்னு ஒரு வார்த்தை சேருங்க.